துவைத்த பிறகு தெரிந்த நூல்

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பொறுப்புக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் நூல் மில்லில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள் நான். அதனால்தான் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. விவரம் தெரியாதவள் ஏமாந்திருந்தால் போகட்டும் என்று விடலாம்.

காய் எடுக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு டீ-சர்ட்டும் டவலும் கொடுப்பதென்று தோட்டத்தில் முடிவானது. போடியில் ஒரு ஜவுளிக் கடைக்காரரிடம் தெளிவாகத்தான் சொன்னேன்.

"டவல் ஓப்பன் எண்ட் நூல்லயே இருக்கட்டும்ணே. சொரசொரன்னு இருந்தாலும் தண்ணிய நல்லா இழுக்கும். டீ-சர்ட் மட்டும் ரிங் நூல்ல வேணும். நாள் பூரா மேலுல கிடக்கறது, உறுத்தக் கூடாது."

"எல்லாம் பஞ்சுதானம்மா," என்று மாதிரிச் சட்டையை நீட்டினார். தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. சரி என்றேன். ஒரு இழை உருவிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தோட்டத்தின் பெயரை அச்சடித்து லோடு வந்தது. எல்லோருக்கும் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் காய் எடுக்கும் பெண் ஒருத்தி ஸ்டோர் வாசலில் வந்து கழுத்தைக் காட்டினாள். சிவந்து தடித்திருந்தது.

"மூணு தடவ அலசுனதும் சாக்கு மாதிரி ஆயிருச்சுக்கா. நீங்கதான நல்ல துணின்னீங்க?"

அவளுடைய சட்டையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்கை எதிர்ப்பக்கமாகத் திருப்பினேன். ரிங் நூலாக இருந்தால் பஞ்சு இழைகள் நேராகப் பிரிந்து வந்திருக்கும். இது பிரிய மறுத்தது. குறுக்கே சுற்றிக்கொண்ட இழைகள் அங்கங்கே கச்சை கட்டியதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தன. அந்தச் சுற்றுத்தான் தோலில் உரசும். டவலுக்கு நான் கேட்ட அதே ஓப்பன் எண்ட் நூல். இழுத்தேன், சட்டென்று அறுந்தது. என் பழைய ரிங் நூல் சட்டையிலிருந்து கிட்டத்தட்ட அதே கனத்தில் ஒன்றை உருவி இழுத்தேன். அது விரலை அறுத்த பிறகுதான் விட்டது.

மாதிரியில் நான் தடவியது நூலை அல்ல, அதன்மேல் ஏற்றியிருந்த மென்மையாக்கும் மருந்தை. அது தண்ணீரோடு போய்விட்டது.

மறுநாள் ஜீப்பில் இறங்கிப் போய்க் கடைக்காரரிடம் நூலைப் பிரித்துக் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை.

"பேரு அடிச்ச சட்டைய நான் யாருக்கும்மா விக்கிறது? பழகப் பழகச் சரியாயிரும்."

"துவைக்கத் துவைக்க இன்னும் மோசமாத்தான்ணே ஆகும்!"

அடுத்து வந்தவருக்கு வேட்டி எடுத்துக் காட்டத் திரும்பிவிட்டார்.

மேனேஜரிடம் சொன்னேன். "டவல் நல்லாத்தான இருக்கு? அதையே பாருங்க," என்றார். டவல் நன்றாகத்தான் இருந்தது. கொட்டும் மழையில் நனைந்து வருகிறவர்கள் ஒரே தடவையில் தலை துவட்டிக்கொண்டார்கள். அதைப் பார்க்கும்போது எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. வயதான பெண்கள் சேலைக்கு மேல் பழைய சட்டை போட்டு, அதற்கு மேல் டீ-சர்ட்டைப் போட்டுச் சமாளித்தார்கள். இளவட்டங்கள் கழுத்துப்பட்டையைக் கத்தரியால் வெட்டி எறிந்தார்கள். நல்ல சட்டையைக் கெடுப்பதாக மேனேஜர் அவர்களைத் திட்டினார்.