அரிசி மில்லாக மாறிய வழக்கு

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆயாவாக இருந்தேன். சமூகவியல் டீச்சர் பத்தாம் வகுப்புக்கு மாதிரி நீதிமன்றம் நடத்த ஒரு வழக்கைத் தயார் செய்தார். குற்றப்பத்திரிகை, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சாட்சிகளின் வாக்குமூலம், யார் நீதிபதி, யார் வக்கீல் என்ற சீட்டுகள், எல்லாம் அவர் கையெழுத்தில்தான். வாக்குமூலத்தில் இல்லாததைச் சாட்சி சொல்லக் கூடாது என்பது விதி.

"அஞ்சாவது படிச்சிருக்கீங்கல்ல ஆயா? படிச்சுப் பாருங்க. உங்களுக்குப் புரிஞ்சா பசங்களுக்கும் புரியும்" என்று தாள்களை நீட்டினார்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். கம்பெனிச் சுவர். தாமிரக் கம்பி. சுவருக்கு மேல் அதை வீசியவனைப் பார்த்ததாகச் சொல்லும் வாட்ச்மேன். போன வாரம் அழுதுகொண்டே நான் டீச்சரிடம் சொன்ன என் வீட்டுக்காரர் கதை அது. கம்பி திருடியதாக அவரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். வியாழக்கிழமை கம்பெனியில் விசாரணை. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் அதே கம்பெனி. இவன் ஊரெல்லாம் கதை பரப்புகிறான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டால் அவர் வேலை போயே போய்விடும்.

பிரதி எடுக்க ஸ்டென்சில் தாளை எடுத்து டீச்சர் எழுத உட்கார்ந்தபோதுதான் சொன்னேன்.

"டீச்சர், இது வேணாம்."

"பேரே போடலையே ஆயா!"

"பேரு இன்னாத்துக்கு டீச்சர்? செவுரும் கம்பியும் போதாதா?"

அவர் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டார். மறுநாளே மாதிரி வழக்கு நடக்க வேண்டும். கம்பெனியை அரிசி மில்லாக்கினார், கம்பியை நெல் மூட்டையாக்கினார், நாலு வாக்குமூலத்தையும் ஸ்டென்சிலில் திருத்தி எழுதினார். பிரதி எடுக்கும் மெஷினில் மாட்டும் முன் ஒருமுறை விரல் வைத்துப் படித்தேன். இரண்டாம் சாட்சி இன்னும் "செகண்ட் ஷிஃப்ட் முடிந்து" என்றுதான் வந்துகொண்டிருந்தான்.

"அரிசி மில்லுல ஏது டீச்சர் ஷிஃப்ட்டு?"

"ஐயோ, நல்ல வேளை!" என்று அந்த இடத்தில் எழுத்தை அழிக்கும் மெழுகு திரவத்தைத் தடவினார். காயும்வரை இருவரும் ஊதினோம்.

மறுநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீலாக நின்றவள் கம்பெனி சூப்பர்வைசர் மகள்.

"நீ முகத்தப் பாத்தியா, சட்டையப் பாத்தியா?"

வாட்ச்மேனாக நின்ற பையன் தாளைப் புரட்டினான். "மில் சட்டைய."

"மில்லுல எல்லாருக்கும் ஒரே சட்டைதானே?"

அதற்குத் தாளில் பதில் இல்லாமல் அவன் டீச்சரைப் பார்த்தான். அவர் எதுவும் சொல்லிக் கொடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நானும் அந்த வாட்ச்மேனக் கேக்கலாமா? வுடுவாங்களா?"

"கேக்க உரிமை கீதாம். டீச்சர் சொன்னாங்க."

ஒத்திகைக்கு வாட்ச்மேனாக நான் நின்றேன். அவர் கேட்டார். முதலில் குரல் எழும்பவில்லை. "சத்தமா கேளுய்யா" என்றேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவரை நான் அதட்டியது அன்றுதான். வியாழக்கிழமை விசாரணையில் சத்தமாகவே கேட்டிருக்கிறார். சட்டையைத்தான் பார்த்தேன் என்று வாட்ச்மேன் சொன்னதை எழுதி, அவனிடமே கையெழுத்தும் வாங்கினார்களாம்.