வெள்ளரிக்காய்க்கு ஊசி போட்ட வழக்கு

பத்து வயதுக்குள் ஒருவர் எத்தனை குற்றங்களைக் கண்டுபிடிக்க முடியும்? இந்த வரலாற்றின் நாயகி பதினேழு கண்டுபிடித்திருந்தார். பால் பாக்கெட்டில் ஓட்டை, அக்காவின் தலையணைக்கடியில் பாதி சாக்லேட், பள்ளி மணி இரண்டு நிமிடம் முந்தி அடித்தது. வீட்டில் எல்லோரும் அவரை இன்ஸ்பெக்டர் என்றே அழைத்தார்கள். அது கேலி என்று அவருக்குத் தெரியாது. பதவி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அம்மா ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கேன்டீன் வைத்திருந்தார். காலை எட்டு மணிக்கு நாற்பது சாண்ட்விச் பெட்டிகள் தயாராகும். வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகள், நடுவில் வட்ட வட்டமாக வெள்ளரிக்காய், ஓரத்தில் காகிதத்தில் மடித்த ஒரு சிட்டிகை உப்பு. மதியம் ஒரு மணிக்கு மேல்மாடிக்காரர்கள் வந்து எடுத்துப்போவார்கள்.

விடுமுறை நாளொன்றில் இன்ஸ்பெக்டர் அடுக்களைக்கு வருகை தந்தார். ஒரு வெள்ளரி வட்டத்தை எடுத்து மென்று பார்த்தார். சப்பென்றிருந்தது. அம்மா காபி டிரம்மோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் யாரையும் கேட்காமல், உப்பு டப்பாவைத் திறந்து, நாற்பது பெட்டியிலும் வெள்ளரி மேல் தாராளமாகத் தூவி, ரொட்டியை மூடி வைத்தார். ஓரத்திலிருந்த உப்புப் பொட்டலங்களை அப்படியே விட்டார். குறை ஒன்றைத் திருத்திவிட்ட பெருமிதத்தோடு கை கழுவினார்.

ஒரு மணிக்கு முதல் பெட்டி திறந்தது.

"என்னம்மா இது, ரொட்டி நீச்சலடிக்குது?"

இரண்டாவதும் அப்படியே. அடியில் தண்ணீர், அதில் ஊறிப் பிசுபிசுத்த ரொட்டி, துவண்டுபோன வெள்ளரிக்காய். யாரும் வாயில் வைக்கவில்லை. நாற்பதும் திரும்பி வந்தன. அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ ஏதாச்சும் கை வச்சியாடி?"

"நானா? நான் ஏன் வைக்கறேன்?" என்றார் இன்ஸ்பெக்டர். பொய் சொல்கிறோம் என்று கூட அவருக்குத் தோன்றவில்லை. உப்பு போடுவது கை வைப்பதாகுமா? அது சேவை அல்லவா? மேலும் அவரிடம் அப்போது ஒரு குற்றவாளி தயாராக இருந்தார். "அம்மா, காலையில சந்தையில பார்த்தேன். வெள்ளரிக்காரம்மா காய் மேல தண்ணி தெளிச்சிக்கிட்டிருந்தாங்க. உள்ளேயும் ஊசி போட்டு ஏத்திருப்பாங்க. எடை கூடுமில்ல?"

அம்மா களைத்திருந்தார். களைத்தவர்கள் சீக்கிரம் நம்பிவிடுவார்கள். "அப்படியா சேதி. நாளையிலேர்ந்து அவங்ககிட்ட காய் வேணாம்" என்றார்.

இதோடு இன்ஸ்பெக்டர் நின்றிருந்தால் இந்த வரலாற்றை எழுதவே வேண்டியதில்லை. மாலை அம்மாவோடு சந்தைக்குப் போனார். வெள்ளரிக்காரம்மா இரண்டு பெண்களுக்குக் காய் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சந்தை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்:

"இவங்க வெள்ளரிக்காய்க்கு ஊசி போட்டுத் தண்ணி ஏத்துறாங்க! எங்க நாப்பது சாண்ட்விச்சும் போச்சு!"

அந்த இரண்டு பெண்களும் கையிலிருந்த காய்களைக் கூடையில் திருப்பி வைத்தார்கள். பக்கத்துக் கடைக் கத்தரிக்காய்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெள்ளரிக்காரம்மா தராசைக் கீழே வைத்தார்.

"வாடாம இருக்க மேல தெளிப்பேன், பாப்பா. எல்லாரும் தெளிப்பாங்க. ஊசியெல்லாம் எனக்குப் போட்டாலே பயம்." பிறகு ஒரு காயை எடுத்து நீட்டினார். "இந்தா. உங்க வீட்டுலயே நறுக்கிப் பாரு."

ஆதாரத்தைக் குற்றவாளியே தருவது இன்ஸ்பெக்டரின் பணிக்காலத்தில் இதுவே முதல் முறை.

வீட்டில் அதை நறுக்கி இரண்டு தட்டில் பரப்பினார். காத்திருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. கடுப்பாக வந்தது. சரி, தின்றாவது தீர்ப்போம் என்று ஒரு தட்டில் உப்பைத் தூவினார். அதற்குள் அம்மா துணி எடுக்கக் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது உப்புப் போட்ட தட்டில் குட்டிக் குளம். போடாத தட்டு காய்ந்தபடி.

காய் ஒன்று. கத்தி ஒன்று. வித்தியாசம் ஒன்றே ஒன்று.

இன்ஸ்பெக்டரின் காது நுனி சூடாகியது. அங்கிருந்து சூடு கழுத்துக்கு இறங்கியது. தட்டைத் துணியால் மூடினார். மூடிய துணியும் ஈரமானது.

"என்னடி, தடயத்தை மறைக்கிறியா?" பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் அக்கா வாசலில் நின்றாள். "நீதான் உப்பு போட்டியா?"

 இன்ஸ்பெக்டரின் தலை மேலும் கீழும் ஆடியது.

"உப்புத் தின்னவங்க தண்ணி குடிக்கணும்னு சொல்வாங்க. நீ போட்டதுக்கு ஊரே குடிக்கணும் போல."

"அக்கா, உப்பு எப்படித் தண்ணியை உறிஞ்சுது?"

"உப்புக்கென்ன வாயா இருக்கு உறிஞ்ச? வெள்ளரிக்காய் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி அறை. எல்லாத்துலயும் தண்ணி. ஒவ்வொரு அறைக்கும் மெல்லிசா ஒரு தோல். அது தண்ணியைப் போக வர விடும், உப்பை லேசுல விடாது. நீ போட்ட உப்பு மேல இருக்கற ஈரத்துல கரைஞ்சு, கெட்டி உப்புத்தண்ணியா நிக்குது. அப்போ உள்ளேயிருந்து வெளிய வர்ற தண்ணி ஜாஸ்தி, வெளியேயிருந்து உள்ள போறது கம்மி. மொத்தத்துல தண்ணி, உப்பு அதிகமா இருக்கற பக்கம் சேருது. அறையில தண்ணி குறைஞ்சதும் காய் தொளதொளன்னு ஆயிடுது. அம்மா ஏன் உப்பைத் தனியா மடிச்சு வைக்கறாங்கன்னு நினைச்சே? காகிதம் மடிக்க ஆசையா?"

அக்கா சிரித்துவிட்டுப் போனாள். இன்ஸ்பெக்டருக்கு அழுகை வந்தது. நாற்பது பெட்டிக்காக அல்ல. சந்தையில் காயைத் திருப்பி வைத்த அந்தப் பெண்களின் கைகளுக்காக.

அம்மாவிடம் எல்லாம் சொன்னார். அம்மா திட்டவில்லை. "எங்க கத்துனியோ அங்கயே போய்ச் சொல்லு. நான் உன் பக்கத்துல நிக்கறேன், பேச மாட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை வெள்ளரிக்காரம்மாவின் கூடை நேற்றையதைப் போலவே நிறைந்திருந்தது.

"அம்மா... ஊசி இல்லை. நான்தான் உப்பு போட்டேன்."

"கேக்கலையே" என்றார் வெள்ளரிக்காரம்மா. "நேத்து நல்லாத்தானே குரல் இருந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்: "நான்தான் உப்பு போட்டேன்! காய் மேல தப்பில்லை!"

"உப்பு போட்டா அவ்வளவு தண்ணி வருமா? அவங்கம்மா சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்காங்க" என்றார் கத்தரிக்காய்க்காரர். நேற்று வந்த பெண்களில் ஒருவரும் நின்று பார்த்தார்.

வெள்ளரிக்காரம்மா ஒரு காயை மெல்லிசாக நறுக்கித் தட்டில் பரப்பினார். இன்ஸ்பெக்டர் பாதிக்கு மட்டும் உப்புத் தூவினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளரிக்காய் யாருடைய மானத்துக்காகவும் அவசரப்படுவதில்லை. சுற்றிலும் எட்டுப் பேர். எல்லோரும் ஒரு முறை தட்டைப் பார்த்தார்கள், மறுமுறை அவரைப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். அதன் வாரில் ஆறு ஓட்டைகள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. அம்மா சொன்னபடியே பேசாமல் நின்றார்.

"வேர்க்குது பாருங்க!" என்றார் அந்தப் பெண்.

உப்புப் பட்ட வட்டங்கள் மேல் முத்து முத்தாக நீர். முத்துகள் சேர்ந்து ஓடின. பத்து நிமிடத்தில் தட்டைச் சாய்த்தால் வழிந்தது. மறுபாதி அப்படியே விறைப்பாக இருந்தது. அந்தப் பெண் இரண்டு காய்களைப் பொறுக்கிக்கொண்டார். அம்மா வழக்கம்போல் தன் நாற்பது பெட்டிக்கான காய்களை எடுத்தார்.

மன்னிப்புக் கிடைத்ததா என்று இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளரிக்காரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, புதிதாக ஒரு கூவல் போட்டார்:

"ஊசி போடாத வெள்ளரிக்கா! வாங்க, ஊசி போடாத வெள்ளரிக்கா!"

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அவர் அந்தக் கூவலை விடவேயில்லை. இன்றும் அந்தப் பக்கம் நம் நாயகி தலை காட்டினால் குரல் கொஞ்சம் உயரும். நாயகி காது சிவக்க, குனிந்தபடியே, இப்போது அம்மாவுக்கு உப்புப் பொட்டலம் மடித்துப் பழகிய விரல்களால் காய் பொறுக்குவார்.