ஒரு ரூபாய் மட்டும் வந்த கணக்கு

ஃப்ளோரன்ஸுக்கு அறுபத்தாறு வயது. அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று சாந்தோமில் இருக்கிறாள். படுக்கையில் கிடப்பவர்களுக்குத் தலை வழியாக நைட்டி மாட்டுவது எத்தனை கொடுமை என்று தெரிந்தவள். அதனால் பக்கவாட்டில் நாடா வைத்துத் திறக்கிற நைட்டிகளைத் தைக்கக் கொடுத்து ஆன்லைனில் விற்றாள். கடைக்கு ‘ஃப்ளோரன்ஸ் நைட்டீஸ்’ என்று பெயர் வைத்தாள். கூட வேலை செய்த நர்சுகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பெயரை மாற்றவில்லை.

வாங்குபவர்கள் பொருள் கைக்கு வந்த பிறகுதான் பணம் கொடுப்பார்கள். அதை கூரியர்காரன் வாங்கி அவளுக்கு அனுப்ப வேண்டும். முதல் மாதம் முழுக்கப் பார்சல்கள் போய்ச் சேர்ந்தன. பணம் மட்டும் வரவில்லை.

தையல்காரி உம்மே ஹானி வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள். "அக்கா, பக்ரீத்துக்கு முன்னாடி என் கூலி வந்துடணும். அதுக்கப்புறம்தான் அடுத்த துணியில கத்திரி வைப்பேன்." நியாயம்தான். தைத்தவளுக்குக் கூலி கொடுக்காமல் திருநாள் வாழ்த்து சொல்ல ஃப்ளோரன்ஸுக்கு வாய் வராது.

பார்சல் எடுக்க வரும் ஜவஹரை முதலில் பிடித்தாள்.

"இன்னாம்மா, என்னாண்ட கேக்குற? வாங்குற துட்டை அன்னிக்கே ஆபீஸ்ல கட்டிடணும். என் கையில நிக்கவே நிக்காது. தி. நகர் ஆபீஸ்ல போய்க் கேளு."

பஸ் பிடித்துப் போனாள். போகிற வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். கவுன்டரில் ஜெயஸ்ரீ என்ற பெண் "சொல்லுங்க மேடம்" என்றதும் ஒத்திகை அத்தனையும் கொட்டியது.

"நான் ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் இருந்தவம்மா. கையில கட்டின பட்டையில பேர் பாக்காம ஒருத்தருக்கு மாத்திரை கொடுத்ததில்ல. நீங்க இத்தனை பேர் பணத்த வச்சுக்கிட்டு இப்படி அசட்டையா இருக்கலாமா? போனாப் போகுதுன்னு ஒரு ரூபாய் போட்டிருக்கீங்க. எனக்கென்ன பிச்சையா?"

அந்த ஒரு ரூபாயை அவள் வங்கிப் புத்தகத்தில் பார்த்த நாளிலிருந்து சர்ச்சிலும் மீன் கடையிலும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயஸ்ரீ போன் நம்பரைக் கேட்டுக் கணினியில் தட்டிப் பார்த்தாள்.

"மேடம், டெலிவரி ஆன தேதியிலேர்ந்து ஒரு வாரம் கழிச்சு, அடுத்து வர்ற புதன்கிழமை அனுப்புவோம். நீங்க பார்சல் கொடுத்த தேதியிலேர்ந்து எண்ணிட்டிருக்கீங்க போல. கடைசி ரெண்டு பார்சலுக்கு இன்னும் நாள் ஆகல."

"மத்ததெல்லாம்?"

"எல்லாம் இங்கேதான் இருக்கு, நிறுத்தி வச்சிருக்கு. அந்த ஒரு ரூபாய் பிச்சை இல்ல மேடம். கணக்கு சரிதானான்னு அனுப்பிப் பாக்கறது. போய்ச் சேர்ந்ததும் யார் கணக்குன்னு பேங்க் பேர் சொல்லும். பேங்க் ‘எஸ். ஃப்ளோரன்ஸ் மேரி’ங்குது. நீங்க கணக்குக்காரர் பேர்னு எழுதியிருக்கிறது…" அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஃப்ளோரன்ஸ் நைட்டீஸ்."

வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று ஃப்ளோரன்ஸுக்குத் தெரியும். நோயாளிகளுக்கு முன்னால் அவளே எத்தனையோ முறை அப்படி இருமியிருக்கிறாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவை மெயில் போயிருக்கு மேடம். கடை பேர்ல இருக்கிற மெயிலுக்கு."

கடைக்கென்று ஒரு மெயில் முகவரி திறந்தது அப்போதுதான் ஃப்ளோரன்ஸுக்கு நினைவு வந்தது. கடவுச்சொல் நினைவு வரவில்லை.

"சரிம்மா. தப்பு என் மேலதான். இப்போ என்ன செய்யணும், எப்ப வரும்?"

ஜெயஸ்ரீ பெயரைத் திருத்தினாள். ஃப்ளோரன்ஸின் பையில் காசோலைப் புத்தகம் இருந்தது. ஒரு தாளில் குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதிக் கொடுத்தாள். ஜெயஸ்ரீ அதைப் படமெடுத்து ஏற்றினாள். "சரிபார்க்க ரெண்டு வேலை நாள் ஆகும். தேறிட்டா இந்தப் புதன்கிழமையே வந்துடும். கூரியர் கட்டணம் கழிச்சுதான் வரும், குறையுதுன்னு சண்டைக்கு வந்துடாதீங்க. அந்த ரெண்டு பார்சல் பணம் அதுக்கடுத்த புதன்."

"இன்னிக்குப் போட்ட சண்டையே போதும்மா."

அன்று மாலையே உம்மே ஹானியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "புதன் வரைக்கும் பொறுக்கறேன்க்கா. அன்னிக்கும் ஒரே ஒரு ரூபாய் வந்தா, அதுக்கு ஒரு பட்டன்தான் தைப்பேன்."

புதன் மத்தியானம் போனில் செய்தி வந்தது. கட்டணம் கழிந்து மீதி வந்திருந்தது. வழியில் ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு நேராகப் போய்க் கூலியைக் கையில் கொடுத்தாள். பக்ரீத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

உம்மே ஹானி பணத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். நைட்டிக்கு வைத்திருந்த நாடாவில் ஒரு துண்டு வெட்டி, பேனாவால் எதையோ எழுதி, ஃப்ளோரன்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டினாள்.

‘எஸ். ஃப்ளோரன்ஸ் மேரி.’

"இனிமே எங்க பேர் எழுதினாலும் இதைப் பாத்து எழுதுங்கக்கா," என்று சொல்லி, அடுத்த துணியை விரித்துக் கத்திரியை எடுத்தாள்.