ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

என் மருமகள் சுண்டுவிரலை அசைத்தால் ஊரில் ஓடும் அத்தனை வண்டிகளும் நிற்கும். இதில் கொஞ்சம் மிகை உண்டு. அவள் அலுவலகத்து வண்டிகள் மட்டும்தான் நிற்கும், அவற்றிலும் இரண்டு ஏற்கெனவே ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டிருக்கும்.

கண்டம் கடந்து வரும் போன்களுக்கு இரவு பகலாகப் பதில் சொல்கிற அலுவலகம் அது. அங்கே வேலை செய்பவர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து வீட்டில் கொண்டுபோய் விடும் ஏற்பாடு இவள் பொறுப்பு. காரில் கடைசியாக இறங்குவது பெண் என்றால் டிரைவர் பக்கத்தில் காவலுக்கு ஒரு கார்டு உட்கார வேண்டும், அவள் வீட்டுக்குள் போகும்வரை வண்டி நகரக்கூடாது. இந்த விதி இவளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது என்னையும் கதவு சாத்தும்வரை பார்த்துவிட்டுத்தான் ஆட்டோவை அனுப்புவாள்.

மாலை ஷிப்ட் இரவு பத்தரைக்கு முடியும். இரவு ஷிப்ட்காரர்களை ஏற்றிவந்த ஒன்பது கார்களே இவர்களை ஏற்றிக்கொண்டு போகும். அதோடு அந்த டிரைவர்களின் டியூட்டி முடிந்தது. ஒருநாள் மேனேஜர், "இனிமே பதினொன்றரை வரைக்கும் ஆள் வேணுமாம். ஒரு மணி நேரம்தானே, தள்ளிப் போட்டுரலாம்" என்றார்.

கார்களை விடும் ஒப்பந்தக்காரரும் அங்கே இருந்தார். எதைக் கேட்டாலும் "ஆயிடும்" என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது. "ஒன்பது வண்டிதானே? ஆயிடும் சார்."

மேனேஜர் முகம் மலர்ந்தது. மருமகளின் முகம் மலரவில்லை. ஊருக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பாலிருந்து மாலை ஷிப்டுக்கு வரும் ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் அவளைக் கடைக்கோடி என்பார்கள். "பன்னெண்டு தாண்டி வர்ற வேலை நமக்கு வேணாம்டி" என்று அவள் அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். தம்பிகள் இருவரின் படிப்பு அவள் சம்பளத்தில் ஓடியது. பதினொன்றரை என்றால் அவளுக்கு வேலை இல்லை.

"அண்ணே, அந்த ஒன்பது டிரைவர் யார் யாரு? பேரைச் சொல்லுங்க" என்றாள் மருமகள்.

ஆயிடும் உற்சாகமாக விரல் மடக்கினார். மூன்றாவது விரலில் உற்சாகம் வடிந்தது. "மத்தவங்க காலையிலேர்ந்து ஓட்டுறவங்கம்மா. பத்தரை நடையோட டியூட்டி முடிஞ்சிரும். ஆனா சொன்னா கேப்பாங்க."

"அவங்க கேப்பாங்க, தூக்கத்துல ஸ்டியரிங் கேக்காதுண்ணே."

"மூணு வண்டி மூணு நடை போகட்டுமே. ராத்திரி ரோடு காலியாத்தானே இருக்கும்?" என்றார் மேனேஜர்.

"ரோடும் காலி சார், இறங்கற தெருவும் காலி. எதுக்கும் ஞாயித்துக்கிழமை காலையில ஒரு தடவை போய்ப் பாத்துருவோமா? அப்பவும் ரோடு காலிதான். நீங்க கடைக்கோடி. மூணாவது நடை."

மேனேஜர் சிரித்தபடி ஒப்புக்கொண்டார். ஆட்டோக் காசுக்குப் பத்து நிமிஷம் யோசிக்கிற மனிதர், சும்மா வரும் கார் என்றதும் சம்மதித்துவிட்டார்.

ஞாயிறு காலை, ஒத்திகைக்கு வந்த மாலை ஷிப்ட்காரர்களை ஏற்றிக்கொண்டு மூன்று கார்களும் முதல் நடை கிளம்பின. கடைக்கோடியான மேனேஜர் வாசல் காவலாளியின் முக்காலியில் உட்கார்ந்தார். முதல் நடை திரும்பியது. இரண்டாம் நடை போனது. முக்காலி ஆடியது. காவலாளி தன் நிழலைப் பாதி விட்டுக்கொடுத்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"ரெண்டாவது நடை இப்பதான் போயிருக்கு சார். திரும்பி வரணும். கார்டும் அதுல வந்தாத்தான் நீங்க ஏறலாம்."

"கார்டு எத்தனை பேர்?"

"மூணு காருக்கு ரெண்டு பேர்" என்றார் ஆயிடும், "ஆயிடும்" என்று சேர்க்காமல்.

மூன்றாம் நடையில் கார்டு முன்னால் உட்கார, பின்னால் மேனேஜர் நசுங்கினார். மற்றவர்கள் வீட்டுவீட்டாக இறங்கினார்கள். பஸ் திரும்பும் இடத்தைத் தாண்டியதும் தெருவிளக்குக் கம்பங்கள் நின்றுபோயின. பகலிலேயே அவர் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டார். கடைக்கோடியின் அம்மா கதவைத் திறந்து, மேனேஜரை மேலும் கீழும் பார்த்து, "இவ்வளவு நேரமாவா?" என்று கேட்டார்.

அந்த வாசலிலேயே மேனேஜர் மயங்கி விழுந்தார், கார்டுதான் தாங்கிப் பிடித்தார். கண் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பத்தரை." கூடுதல் நேரத்துக்கு இரவு ஷிப்டிலிருந்தே ஆள் எடுத்தார்கள். கடைக்கோடியின் வேலை பிழைத்தது.

நான் எழுதியதை இதுவரை வாசித்துக் காட்டியதும் மருமகள் கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"மயங்கல்லாம் இல்ல அத்தை. பின்சீட்டுல தூங்கிட்டாரு, கார்டு எழுப்பினாரு. அப்புறம் அவர் சொன்னது பத்தரையும் இல்ல, ஷிப்ட் முடிய பத்தே கால். எல்லாரும் சீட்டை விட்டு எந்திரிச்சு, லிப்ட் பிடிச்சு, கீழ வந்து, எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பாத்து பத்தரைக்கு வண்டி எடுக்கணும்ல? அதைச் சரியா எழுதுங்க."