ரிமோட்டுக்குள் பூத்த வெள்ளை

என் மாமனாருக்குப் பேட்டரி செல் என்றால் சாகாத பொருள். தீர்ந்துபோனால் களத்தில் காயும் கொப்பரையோடு வெயிலில் வைப்பார். சாயங்காலம் எடுத்து, நாலு தட்டு தட்டி மறுபடி ரிமோட்டில் போடுவார். அப்போதும் ஓடவில்லை என்றால் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிவரச் சொல்வார். "ரெண்டும் ஒண்ணாவா தீரும்?" என்பது அவர் கேள்வி. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் வேலந்தாவளத்தில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம் என்பதால் நானும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

அன்று காலை அவர் முன்னால் டிவியில் யாரோ மலையாளத்தில் பிரஷர் குக்கர் விற்றுக்கொண்டிருந்தார்கள். ரிமோட் வேலை செய்யவில்லை. தூசி படாமலிருக்க அதற்கு அவர் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, பின்மூடியை நெம்பினேன். உள்ளே உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. ஒரு செல் புதிது. இன்னொன்று எந்தக் காலத்துச் செல்லோ!

"சுண்ணாம்பாட்ட இருக்குதா அம்மிணி?" என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அதே விரல் கண்ணைக் கசக்கப் போனது. ஏற்கெனவே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதில் நிழலாட்டம்தான். நான் போட்ட சத்தத்தில் தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையைப் பிடித்து இழுத்துப்போய் குழாயடியில் வெகுநேரம் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

புது ரிமோட் வாங்கித் தொலைக்கலாம்தான். ஆனால் கேபிள்காரர் அந்த மாதிரி இப்போது வருவதில்லை என்று முன்பே கையை விரித்துவிட்டார். இவரோ ஐந்தாம் எண்ணில் ஒரு சொட்டுப் பசையை உறைய வைத்து, அதிலிருந்து விரலால் எண்ணியே மற்ற பொத்தான்களைக் கண்டுபிடிப்பவர். வேறு ரிமோட் வந்தால் சத்தம் கூட்டவும் யாரையாவது கூப்பிட வேண்டும். இந்த வீட்டில் அவர் இன்னும் தன் இஷ்டத்துக்குச் செய்துகொள்ளும் காரியம் அது ஒன்றுதான்.

டிராக்டர் பேட்டரி முனையில் பூக்கும்போது என் வீட்டுக்காரர் ஆப்பசோடா போட்டுத் துடைப்பார். நானும் சோடா டப்பாவை எடுத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஜங்ஷனில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் தம்பியைக் கூப்பிட்டேன்.

"அக்கா, சோடா போட்டுறாத! அது ஆசிட் பேட்டரிக்கு. இது காரம். காரத்துக்குப் புளிப்புத்தான் மாத்து. எலுமிச்சங்காய் இருக்குதில்ல? கைல உறை போட்டுக்க, கண்ணாடியும் போட்டுக்க. வாயில ஊதாத, தண்ணில முக்காத."

கையுறைக்கு எங்கே போவது? மளிகைக்கு வந்த பிளாஸ்டிக் பையைக் கையில் கட்டி, என் மூக்குக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டேன். செய்தித்தாளை விரித்து, செல்களை மெல்ல எடுத்து ஒரு டப்பாவில் போட்டேன். உலர்ந்த பொருக்கைப் பழைய பல்துலக்கியால் தாளில் தட்டினேன். காது குடையும் பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு ஸ்பிரிங் மேல் வைத்ததும் மெல்ல நுரைத்தது. நுரை அடங்கும்வரை நாலைந்து குச்சிகள் மாற்றினேன். பிறகு ஈரப் பஞ்சால் ஒரு துடைப்பு, அவருக்கு ஊசி போட வைத்திருக்கும் ஸ்பிரிட்டால் ஒரு துடைப்பு. நன்றாக உலர்ந்தபின் புதிய செல் இரண்டு போட்டேன். ஓடவில்லை.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தால், ஸ்பிரிங்கின் நுனி இன்னும் கறுப்பாக இருந்தது. நகம் தேய்க்கும் அட்டையால் மெல்லச் சுரண்டி, மறுபடி ஸ்பிரிட், மறுபடி காத்திருப்பு. அவ்வளவு நேரமும் என் வாய் ஓயவில்லை. "இனிமே மாத்தினா ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தோணும், ஒரே மாதிரி செல்லாப் போடோணும். வெயில்ல வைக்கவே கூடாது. ஊருக்குப் போனா கழட்டி வெச்சிட்டுப் போகோணும். மாசத்துக்கு ஒருக்கா நானே தொறந்து பார்ப்பேன், கேட்டுதுங்களா மாமா?" அவர் குழந்தை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இந்த முறை சேனல் மாறியது. அவர் விரல் பசைச் சொட்டைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து நகர்ந்து, பழைய பாட்டு ஓடும் சேனலுக்குப் போய் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் பெருமைதான்.

"எப்ப இருந்துங்க மாமா ஓடல?"

"வெசாழக்கெழமைல இருந்து."

அன்று திங்கள். நாலு நாளாக மனிதர் குக்கர் விலையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இடையில் நான் எத்தனை தடவை அந்த அறைக்குக் காப்பி கொண்டுபோனேன் என்று எனக்கே கணக்கில்லை.

"அன்னைக்கே ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அவர் ரிமோட்டைத் தடவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "சொல்லலாம்னுதான் இருந்தேன் அம்மிணி. நீ திட்டுவீன்னு பயமா இருந்துச்சு."