கறுப்புச் சட்டை வேண்டாம் என்றாள் அக்கா

மாலை போட்டவன் கோபப்படக் கூடாது. விரதத்தின் இருபதாம் நாள் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

எங்கள் ஐயப்பன் குழு மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து சபரிமலைக்குக் கிளம்ப மூன்று வாரம்தான் இருந்தது. என் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம்கூட மிச்சமில்லை. அதைப் புதுப்பிக்காமல் இந்திய விசா கிடைக்காது. விசா இல்லாமல் குருசாமி என்னை விட்டுவிட்டுத்தான் போவார். அதனால் இணையத்தில் விண்ணப்பித்திருந்தேன். நிராகரித்துவிட்டார்கள். காரணம் படம். பின்னணி வெள்ளை என்பதால் உடை அடர்நிறமாக இருக்க வேண்டுமாம்.

நாள் முழுக்கக் கறுப்பு உடுத்தித் திரிகிறவனுக்கா இந்தக் கதி? எல்லாம் அக்காவின் வேலை. வீட்டுச் சுவரோரம் என்னை நிறுத்திக் கைப்பேசியில் படமெடுத்தவள் அவள்தான். எடுக்கும் முன் கறுப்புச் சட்டையைக் கழற்றச் சொல்லி, மாமாவின் வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். கறுப்பு ஆகாது, ஐந்து வருடத்துக்கு நிற்கும் படம் என்றாள். மறுத்தால் அழுவாள் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் சட்டையும் சுவரும் ஒன்றாகக் கலந்து, தோளே இல்லாமல் தலை மட்டும் தெரிந்தது.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். படிக்காதவள் மாதிரி சகுனம் பார்த்து என் யாத்திரையைக் கெடுத்துவிட்டாய் என்றேன். சாமி என்று கூப்பிட வந்தவள் அப்படியே நின்றாள். மாமா எழுந்து அறைக்குள் போய்விட்டார். நான் நிறுத்தவில்லை. கறுப்பில் அப்படி என்ன பயம் உனக்கு என்று கேட்டேன்.

அவள் கூடத்துச் சுவரைக் காட்டினாள். அங்கே எங்கள் சின்னத் தம்பியின் படம், பூமாலையோடு.

"அது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம்டா. அவன் மாலை போட்ட வருசம் எடுத்தான். மோட்டார் சைக்கிள்ல போயி விழுந்தப்ப வீட்ல வேற நல்ல படமே இல்ல. அதையேதான் பெருசாக்கினோம்."

எத்தனையோ வருடமாகப் பார்க்கும் படம். அவன் கறுப்புச் சட்டை போட்டிருப்பதை அன்றுதான் கவனித்தேன். தாடியோடும் அதே பக்க வகிடோடும் அவன் என்னைப் போலவே இருந்தான். கோபம் போகவில்லை, யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் நேரே பாஸ்போர்ட் தரும் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அக்காவும் வந்தாள். என் கறுப்புச் சட்டையைப் பார்த்த மலாய் அதிகாரி, இது போதும் என்று தலையாட்டிவிட்டுக் காமிராவைத் திருப்பினார். ஒரு நிமிடம் என்று சொல்லி, நான் தலையை மறுபக்கம் வகிடெடுத்து வாரிக்கொண்டேன்.

மதியத்துக்குள் புதுப் புத்தகம் கைக்கு வந்தது. அக்கா அதை வாங்கி, என் படம் இருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"வகிட மாத்திட்டியா," என்று மட்டும் கேட்டாள்.