நானூறு பேர்

கல்லூரியில் மென்பொருள் பாடம் நடத்தும் நஸ்னீனுக்குக் கூட்டம் என்றாலே மூச்சு முட்டும். சின்ன வயதில் தெருவில் கருடசேவைத் திருவிழா நெரிசலில் சிக்கி, பூட்டிய கடைக் கதவோடு நசுங்கியவர். கோயில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் ஒன்று என்னென்ன செய்ய வேண்டும் என்று மாணவி திரிஷா எழுதியிருந்த ஆவணத்தில் ஒரு வரி வந்ததும் அவர் பேனா நின்றது: "கூட்டம் அதிகமானால் கோயில் கதவை மூட வேண்டும்."

அதிகம் என்றால் எத்தனை பேர்? எந்தக் கதவு? இதை எப்படிச் சோதிப்பது? சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் அந்த வரி திருத்தப்பட்டு வந்தது: "உள்ளே நானூறு பேர் சேர்ந்ததும் நுழைவுக் கதவை மூட வேண்டும். வெளியேறும் கதவு திறந்தே இருக்க வேண்டும்."

தெளிவாக இருந்தது. சோதிக்க முடியும். இரண்டு அர்த்தத்துக்கு இடமில்லை. முழு மதிப்பெண் போட்டார்.

"எங்க தெரு கோயில்ல இந்தத் திருவிழாவுக்கே இதை வெக்கப் போறாங்க மேடம்," என்றாள் திரிஷா.

நஸ்னீன் மதிப்பெண் போட்ட தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "நானூறுன்னு எப்படிமா முடிவு பண்ணே? இடத்தை அளந்து பாத்தியா?"

"இல்ல மேடம். நீங்க நம்பர் கேட்டீங்க, அதான் ஒண்ணு போட்டேன்."